மூன்றாம் வரிசையில் யானை: லாஸ்கருக்கு வென்று கொடுத்தது எங்கள் பையனை ஏன் கவிழ்த்தது?

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் 1889-இல் ஆம்ஸ்டர்டாமில் லாஸ்கர், பாவரைத் தோற்கடித்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதிலேயே கிடக்கிறான். இரண்டு மந்திரிகளைப் பலி கொடுப்பதுதான் அதில் எல்லாருக்கும் கண்ணில் படும். இவனுக்குப் பிடித்துப்போனது அதற்குப் பின்னால் யானை f1-இலிருந்து f3-க்கு ஏறி, அங்கிருந்து பக்கவாட்டில் h3-க்குத் திரும்புகிற நடை. போன வாரம் பொள்ளாச்சியில் நடந்த போட்டியில் அதையே செய்து பார்த்தான். வெள்ளைக் காய் அவனுடையது.

```
1.d4 d5 2.e3 Nf6 3.Bd3 e6 4.f4 c5 5.c3 b6 6.Nf3 Bb7
7.O-O Be7 8.Ne5 O-O 9.Nd2 Nbd7 10.Rf3 Ne4 11.Nxe4 dxe4
```

இந்த இடத்தில் e4-இல் நிற்கும் கறுப்புச் சிப்பாய் d3 மந்திரியையும் f3 யானையையும் ஒரே சமயத்தில் குத்துகிறது. அதற்குப் பின் ஆட்டம் வெகுநேரம் நீடிக்கவில்லை. என் கேள்வி இதுதான்: யானையைத் தூக்குவதற்கு முன் அவன் பார்த்திருக்க வேண்டியது என்ன? "கவனமாக ஆடியிருக்க வேண்டும்" என்று நானே சொல்லிவிட்டேன், அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தோப்புக்காரன், கோபாலபுரம்:

யானைத் தூக்கலுக்கு முதல் நிபந்தனை நடுப்பலகை அடைபட்டிருப்பது. நடு திறந்துகிடக்கும்போது யானையை ஓரத்துக்குக் கொண்டுபோனால் எதிரி நடுவிலே உடைத்துக்கொண்டு வந்துவிடுவான். இந்த ஆட்டத்தில் d4, e3, f4 ஒரு பக்கமும் d5, e6 மறுபக்கமும் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே பையனின் எண்ணத்தில் தவறில்லை. e4-இல் வந்த குதிரையைக் கண்டுகொள்ளாமல் 11-ஆவது நடையில் யானையை நேராக h3-க்கு ஓட்டியிருக்க வேண்டும். யானை f3-இல் நிற்கக் கூடாது, அது வழியில் உள்ள நிறுத்தம்தான்.

வேலந்தாவளம் ரசிகன்:

மூன்றாம் வரிசை யானை என்றால் பிலிதோர் நிலைதானே? எதிரியிடம் யானையும் ஒரு சிப்பாயும், நம்மிடம் யானை மட்டும். நம் யானையை மூன்றாம் வரிசையிலேயே வைத்து அவனுடைய ராஜாவை ஏறவிடாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த உடனே யானையைக் கடைசி வரிசைக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் சமம். பையனுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள், ஐயா. தாக்குதல் தானாக வரும்.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

ரசிகன் அவர்களே, நீங்கள் சொல்வது சரியான பாடம்தான். ஆனால் அது இறுதியாட்டத்தில் தற்காத்துக்கொள்ளும் வழி. இங்கே பலகையில் பாதிக் காய்கள் கூட வெட்டுப்படவில்லை, எதிரி ராஜாவைப் பிடிக்க யானையைக் கொண்டுபோவது பற்றித்தான் கேட்டேன்.

ஒலவக்கோடு ஓய்வு:

பையனின் ஆட்டத்தையும் லாஸ்கரின் ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். லாஸ்கருக்கு அப்போது வயது 20. உலகப் பட்டம் வருவதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. 14-ஆவது நடையிலிருந்து தருகிறேன்.

```
14.Nh5 Nxh5 15.Bxh7+ Kxh7 16.Qxh5+ Kg8 17.Bxg7 Kxg7
18.Qg4+ Kh7 19.Rf3 e5 20.Rh3+ Qh6 21.Rxh6+ Kxh6 22.Qd7
```

19-ஆவது நடையில் பலகையை நிறுத்திவைத்துக் கறுப்புக் குதிரைகள் எங்கே என்று பையனைத் தேடச் சொல்லுங்கள். ஒன்றுகூட இல்லை. ஒன்று முன்பே e5-இல் மாற்றப்பட்டது, இன்னொன்று h5-இல் போனது. e4-க்குக் குதிக்க ஆளே கிடையாது. b7-இல் ஒரு மந்திரி இருக்கிறது, ஆனால் அதன் முன்னால் c6-இல் அதன் சொந்த ராணியும் d5-இல் சொந்தச் சிப்பாயும் நிற்கின்றன. ஆகவே லாஸ்கரின் யானை f3-இல் நிற்கும்போது அதைத் தொட எந்தக் கறுப்புக் காயாலும் முடியாது. பையனின் யானை f3-க்கு வந்தபோது f6 குதிரை உயிரோடு இருந்தது, அதைத் தாங்க d5 சிப்பாய் இருந்தது, அந்தச் சிப்பாய் e4-க்கு வந்தால் அதைத் தாங்க b7 மந்திரி இருந்தது. இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு நின்றன.

தோப்புக்காரர் சொன்ன அடைபட்ட நடுப்பலகை நல்ல அறிகுறிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் குதிரைக்கு அடைப்பு ஏது? சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட பலகையில்தான் e4 மாதிரியான ஒரு கட்டம் குதிரைக்கு நிலையான இருக்கையாகிறது. f4-க்குச் சிப்பாயைத் தள்ளியபோதே வெள்ளை அந்தக் கட்டத்தைச் சிப்பாயால் காக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டது. இனி அதைக் காய்களால்தான் காக்க வேண்டும்.

தோப்புக்காரன், கோபாலபுரம்:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். 11-ஆவது நடையில் யானை h3-க்குப் போயிருந்தால்? குதிரை f6-ஐ விட்டு நகர்ந்துவிட்டது. ராணி h5-க்கு வரலாம். h7 காலி.

ஒலவக்கோடு ஓய்வு:

அந்த நடை நல்ல நடைதான், அதில் உங்கள் பக்கமே நிற்கிறேன். யானை h3-இல் இருந்தால் e4-இல் சிப்பாய் வந்தாலும் அது மந்திரியை மட்டும் தொடும், மந்திரி c2-க்குப் பின்வாங்கும், ஒன்றும் நஷ்டமில்லை. கறுப்பு d7 குதிரையை f6-க்குக் கொண்டுவந்து h7-ஐக் காக்கும். ஆட்டம் தொடரும். ஆனால் அதன்பின் யானை h3-இல் தனியாக உட்கார்ந்திருக்கும், d3 மந்திரியின் பார்வையைக் கறுப்புக் குதிரை e4-இல் நின்று மறித்துக்கொண்டிருக்கும். தாக்குதல் என்று சொல்லிக்கொள்ளலாம், மிரட்டல் எதுவும் இருக்காது.

தோப்புக்காரன், கோபாலபுரம்:

மிரட்டல் இல்லாவிட்டாலும் எதிராளி ஒரு குதிரையை எப்போதும் f6-இல் கட்டிப்போட வேண்டும் அல்லவா? அது எனக்குப் போதும். பொள்ளாச்சிப் போட்டிகளில் எதிரே உட்காருபவர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

பையனிடம் இதையெல்லாம் காட்டினேன். அவன் விடுவதாக இல்லை. 11-ஆவது நடையில் குதிரையை வெட்டிய பிறகும் 12-இல் யானையை h3-க்குக் கொண்டுபோய், மந்திரி போனால் போகட்டும் என்று விட்டு, 13-இல் ராணியை h5-க்குக் கொண்டுவந்தால் h7-இல் மேட் மிரட்டல் வருகிறதே என்கிறான். இதற்கு என்ன சொல்வது?

ஒலவக்கோடு ஓய்வு:

தம்பியின் வேகம் பிடித்திருக்கிறது. ஆனால் 12.Rh3 exd3 13.Qh5 Nf6 என்று d7 குதிரை வந்து நின்றால் h7-உம் காக்கப்படுகிறது, ராணியும் அடிபடுகிறது. முன்னதாக e5 குதிரையால் அந்த d7 குதிரையை வெட்டிவிட்டு ராணியைக் கொண்டுவரலாம் என்று அடுத்துச் சொல்வான் பாருங்கள். அப்போது கறுப்பு h6 என்று ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் போதும். h6-ஐத் தாக்க வேண்டிய c1 மந்திரியை e3-இல் இருக்கும் நம்முடைய சிப்பாயே அடைத்துவைத்திருக்கிறது. ஒரு மந்திரியை இழந்து உட்கார்ந்திருப்பான்.

லாஸ்கரிடம் அவன் கற்க வேண்டிய இன்னொன்று அந்த 18-ஆவது நடை. ராணி h5-இல் நிற்கும்போது யானை h3-க்கு வந்தாலும் செக் கொடுக்க முடியாது, ராணியே வழியை அடைத்திருக்கும். ஆகவே செக்கோடு g4-க்கு நகர்ந்தது. ராஜா f6-க்கு ஓடினால் ராணி g5-இல் மேட். h7-க்கு வந்ததால் g நெடுவரிசை முழுவதும் ராணியின் காவலில், h நெடுவரிசை யானைக்காகக் காலியாக. அதற்குப் பிறகுதான் யானை கிளம்பியது. ராஜா வெளியேறும் வாசலை முதலில் சாத்திவிட்டு யானையைக் கூப்பிட்டார். பையன் யானையைக் கூப்பிட்டபோது ராணி இன்னும் d1-இல், ராஜாவைச் சுற்றியிருந்த சிப்பாய் ஒன்றுகூட நகரவில்லை.

நகரி மருமகள்:

என் பிறந்த ஊர் திருத்தணி, இப்போது நகரியில் இருக்கிறேன். ஆந்திரப் பக்கத்துப் போட்டிகளில் மகளோடு நானும் ஆடுவது வழக்கம். எனக்கு நடந்தது வேறு மாதிரி. என் யானை பத்திரமாக h3-க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எதிராளியின் e4 குதிரை எல்லாம் இல்லை. அவருடைய வெள்ளைக் கட்ட மந்திரி இன்னும் c8-இலேயே தூங்கிக்கொண்டிருந்தது, e6-இல் அவர் சிப்பாய் நின்றதால் நானும் அதை மறந்துவிட்டேன். d7-உம் காலியாக இருந்தது. அவர் சிப்பாயை e5-க்குத் தள்ளினார். நான் நடுவில் ஏதோ உடைக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு ராணியை h5-க்குக் கொண்டுபோனேன். அவர் c8-இலிருந்து நேராக h3-க்கு வந்து யானையை எடுத்துக்கொண்டார். g2 சிப்பாயால் மந்திரியை வெட்டினேன், யானைக்கு மந்திரி. நஷ்டம் அதோடு நிற்கவில்லை, என் ராஜாவின் முன்னால்தான் பெரிய ஓட்டை விழுந்தது.

ஒலவக்கோடு ஓய்வு:

அக்கா சொன்னது பையனின் ஆட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தாது, அங்கே மந்திரி b7-க்குப் போய்விட்டது. ஆனால் பொது விதி அதில் இருக்கிறது. யானை h3-இல் நிற்கப்போகிறது என்றால் எதிரியின் வெள்ளைக் கட்ட மந்திரி எங்கே என்று பார்த்தே ஆக வேண்டும். b7-இல் இருந்தால் f3-இல் நிற்கும்போது கவலை, c8-இல் இருந்தால் h3-இல் நிற்கும்போது கவலை. e6 சிப்பாய் மட்டும் நடுவில் நிற்கிறது என்றால் அதை நம்பக் கூடாது, அது எப்போது வேண்டுமானாலும் நகரும்.

லாஸ்கர் ஆட்டத்திலும் அதே e6 சிப்பாய் 19-இல் e5-க்கு நகர்ந்தது. பாவர் அதை வீணாகத் தள்ளவில்லை. ஆறாம் வரிசை திறந்தால் c6 ராணி h6 வரை ஓடிவந்து செக்கை மறிக்கலாம். நகராவிட்டால் யானை h3-இல் செக், மந்திரி h4-இல் குறுக்கே வந்தாலும் யானை அதை வெட்டி மேட். ஆனால் சிப்பாய் நகர்ந்ததும் g4-இலிருந்து f5, e6 வழியாக d7 வரை வெள்ளை ராணிக்கும் பாதை திறந்துவிட்டது. ஆகவேதான் ராணியை வெட்டி ராஜாவை h6-க்கு இழுத்த பின் 22.Qd7. b7-இலும் e7-இலும் காவலற்ற இரண்டு மந்திரிகள், ஒன்று போயே ஆக வேண்டும். அந்தத் தூக்கல் மேட்டில் முடியவில்லை என்பதைப் பையனுக்கு அழுத்திச் சொல்லுங்கள். இறுதியில் கைக்கு வந்தது ஒரு யானைக்கு ராணி, பின்னர் ஒரு மந்திரி, மேலே இரண்டு சிப்பாய்கள். அந்தக் கணக்குதான் ஆட்டத்தை வென்றது.

புதுப்பலகை:

நான் கல்லூரி மாணவன், சித்தூர். கறுப்புக் காய்களுக்கு இதெல்லாம் உண்டா? கறுப்புக்கு மூன்றாம் வரிசை என்றால் ஆறாம் வரிசைதானே.

ஒலவக்கோடு ஓய்வு:

உண்டு. ஸ்பானிய ஆட்டத்தில் மார்ஷல் தாக்குதலைப் பாருங்கள். கறுப்பு ராணி h3-இல் உட்கார்ந்துகொள்ளும், ஒரு யானை e8-க்கு வந்து அங்கிருந்து e6-க்கு ஏறி h6-க்குத் திரும்பப் பார்க்கும். வெள்ளை ராணியை f1-க்குக் கொண்டுவந்து "ராணியை மாற்றிக்கொள்வோமா" என்று கேட்பது அங்கே வழக்கமான மருந்து. ராணி போய்விட்டால் தூக்கிய யானைக்கு வேலை இல்லை. தற்காக்கும் பக்கம் உட்காருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

சரி, அவன் ஆட்டத்துக்கே வருகிறேன். 10-ஆவது நடையில் யானையைத் தூக்கவில்லை என்றால் என்ன ஆடியிருக்கலாம்? அவன் தேடிப் பார்த்துவிட்டு 10.Qf3 என்கிறான்.

ஒலவக்கோடு ஓய்வு:

பையன் தேறிவிடுவான். ராணி f3-இல் இருந்தால் e4 மீது குதிரை, மந்திரி, ராணி மூன்றும் கண் வைத்திருக்கின்றன. இப்போது அதே 10...Ne4 வந்தால் 11.Nxe4 dxe4 12.Bxe4 Bxe4 13.Qxe4 என்று போகும், வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். யானையைப் பொறியில் சிக்கவைத்த அதே கவை இங்கே கறுப்புக்கே நஷ்டம். ராணியும் மந்திரியும் ஒரே சமயத்தில் குத்துப்பட்டாலும், குத்துகிற சிப்பாயை வெட்ட மந்திரிக்குப் பின்னால் ராணி நிற்கிறது. யானை நின்றிருந்தபோது அந்தத் துணை இல்லை, f3 யானைக்கு e4-ஐத் தொட வழியில்லை.

தோப்புக்காரன், கோபாலபுரம்:

ராணி f3-இல் உட்கார்ந்துவிட்டால் யானை எங்கே ஏறும்? அந்தக் கட்டமே யானைக்கு வேண்டியது. ராணி h3-க்கு நகர்ந்த பின்தான் யானைக்கு இடம். அப்படி நகர்ந்த நிமிடமே e4 மறுபடியும் இரண்டு காய்களின் காவலுக்கு வந்துவிடும். உங்கள் மருந்து நோயைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

ஒலவக்கோடு ஓய்வு:

அது நியாயமான கேள்வி. ராணி h3-இல், மந்திரி d3-இல் இருக்கும்போது குதிரை f6-ஐ விட்டு e4-க்கு வந்தால் மறுபடி h7 திறக்கிறது, அப்போது குதிரை வருவதற்குத் துணிய வேண்டும். பெரும்பாலும் எதிராளி முதலில் g6 அல்லது h6 ஆடிவிட்டுத்தான் வருவார், அதனால் ராஜாவின் முன்னால் ஒரு கீறல் விழும். யானைத் தூக்கலுக்கு அந்தக் கீறல்தான் வேண்டும். ஆனாலும் எல்லா நடைவரிசையிலும் வெள்ளை பிழைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

நகரி மருமகள்:

இன்னொரு வழி இருக்கிறதே. 10.Qf3-க்குப் பின் அவர் e5 குதிரையை d7 குதிரையால் வெட்டினால்? f4 சிப்பாயால் திருப்பி வெட்டலாம். f நெடுவரிசை திறந்துவிடும். f1 யானை இருக்கும் இடத்திலிருந்தே f7-ஐப் பார்க்கும். தூக்க வேண்டிய தேவையே இராது.

ஒலவக்கோடு ஓய்வு:

ஆம், f6 குதிரையும் அடிபட்டு ஓட வேண்டும், ராணி h3-க்கு வரும். d4 சிப்பாயால் வெட்டுவதைவிட f4 சிப்பாயால் வெட்டுவதே நல்லது. ஆகவே எதிராளி வெட்டாமல் காத்திருப்பார். நான் இருந்தால் வெட்ட மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

பையனுக்கு இப்போது ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மூன்றே வரி: எதிரிக் குதிரை e4-க்கு வந்தால் எதால் வெட்டுவேன், வெள்ளைக் கட்ட மந்திரி b7-இலா c8-இலா, நம் ராணி எந்த வாசலைச் சாத்துகிறது. நான்காவதாக அவனே ஒன்று எழுதிக்கொண்டு வந்தான்: யானை போன பிறகு கடைசி வரிசையில் ராஜாவுக்கு யார் காவல் என்று. a1 யானை இன்னும் இருக்கிறதே என்றேன். c1 மந்திரி நகராதவரை அது அந்த மூலையிலேயே அடைபட்டிருக்கும் என்றான்.

அடுத்த போட்டி வடகரைப்பதியில். இந்த முறை தோப்புக்காரர் சொன்ன 11.Rh3-ஐத்தான் ஆடப்போவதாகச் சொல்கிறான். எதிராளி யாராவது குதிரையை e4-க்குக் கொண்டுவந்தால் இங்கே ஆட்டத்தைப் போடுகிறேன்.

தோப்புக்காரன், கோபாலபுரம்:

நானும் வடகரைப்பதிக்கு வருகிறேன். என்னோடு இணை விழுந்தால் கறுப்பை எடுத்து 10...Ne4 நானே வைத்துப் பார்க்கிறேன், பையனிடம் இப்போது சொல்லிவிடாதீர்கள்.